முதலிரவில் ரத்தம் வரவில்லை, இப்போது வலிதான் போகவில்லை. எது இயல்பு?

புக்கிட் பெண்
பினாங்கு பெருநிலப் பக்கம் இருக்கிறேன். பெயர் வேண்டாம். கல்யாணமாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம், ஆனால் ஆறேழு மாதம் பேசிப் பழகித்தான் செய்துகொண்டோம். அவர் நல்லவர்.

ரிசப்ஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்றைக்கே முயற்சி செய்தோம். உள்ளே போனதா இல்லையா என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வலி தாங்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ரத்தம் ஒரு சொட்டுகூட வரவில்லை. அவர் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, ஆனால் விளக்கைப் போட்டு விரிப்பைப் பார்த்தார். அடுத்த நாள் அவருடைய பெரியம்மா போனில், "விரிப்பைத் துவைத்தாயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது, பதில் சொல்லவில்லை.

சில நாள் கழித்து மறுபடி முயன்றபோது கொஞ்சம் ரத்தம் வந்தது. டிஷ்யூவில் துடைத்தால் சிவப்பாகத் தெரியும் அளவு. அதற்குப் பிறகு சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிந்தது. இப்போது அவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு தானாக மூடிக்கொள்கிறது. சுவரில் இடித்த மாதிரி நின்றுவிடுகிறது என்கிறார் அவர்.

எனக்கு முன்பு யாரோடும் எந்த உறவும் இருந்ததில்லை. அப்படியென்றால் முதலில் ஏன் ரத்தம் வரவில்லை, பிறகு ஏன் வந்தது? இந்த வலி எத்தனை நாள் இருந்தால் இயல்பு? தயவுசெய்து கிண்டல் வேண்டாம்.

செந்தூல் அக்கா
பயப்படாதே தங்கச்சி. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியிருப்பாய், பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடியிருப்பாய், பரதம் ஆடியிருப்பாய். அதிலேயே திரை கிழிந்துவிடும், அதனால்தான் ரத்தம் வரவில்லை. உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல், புரிந்துகொள்வார். வலிக்கு கெகல் பயிற்சி செய், யூட்யூபில் நிறைய இருக்கிறது. ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

லதா ஆண்டி
மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா மகளே? கல்யாணமான புதிதில் கொஞ்சமாக ரத்தம் பட்டால் கரு தங்கியிருக்கலாம். பப்பாளி சாப்பிடாதே. டெஸ்ட் பண்ணிப் பார்.

புக்கிட் பெண்
ஆண்டி, நான் கேட்டது அது இல்லை. போன வாரம்தான் மாதவிலக்கு வந்து போனது.

அக்கா, நான் சைக்கிள் ஓட்டியதே கிடையாது. பரதமும் ஆடியதில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை.

பழைய மிஸ்ஸி
அரசாங்க மருத்துவமனைகளில் பெண்கள் நோய்ப் பிரிவில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், இப்போது கேஎல்லில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சைக்கிள் கதை. செந்தூல் அக்கா நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்தப் பதிலில் ஒரு சிக்கல். உள்ளே மூடிய திரை ஒன்று இருக்கிறது, அது கிழிந்தால் ரத்தம் வந்தே ஆக வேண்டும் என்பதை அதுவும் ஒத்துக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டாத பெண் அப்போது என்ன சொல்வாள்? சைக்கிள் கம்பியில் அடிபட்டு வந்த சிறுமிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். அடி பெரும்பாலும் வெளி உதட்டில்தான் இருக்கும், உள்விளிம்பு வரை போவது அபூர்வம்.

கன்னித்திரை என்பது யோனியின் வாயைச் சுற்றி, வெளியிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய சதை விளிம்பு. நடுவில் பிறவியிலேயே வழி இருக்கும். இல்லையென்றால் மாதவிலக்கு எப்படி வெளியே வரும்? பருவம் அடையும்போது உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் அந்த விளிம்பைத் தடிப்பாகவும் மடிப்பு மடிப்பாகவும் ஆக்கிவிடுகிறது. முடிக்குப் போடுகிற துணி ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சுருங்கியிருக்கும், இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி ஆகும். பலருக்கு முதல் உறவில் அது விரிவதோடு சரி. சிலருக்கு ஓரத்தில் சின்னதாகக் கிழியும். அங்கே ரத்தக் குழாய்கள் அதிகம் இல்லாததால் சில சொட்டுதான் வரும், வராமலும் போகும்.

1998இல் பிரிட்டனில் ஒரு மகப்பேறு மருத்துவர் தன்னோடு வேலை செய்த பெண்கள் நாற்பது பேரளவில் விசாரித்து மருத்துவ இதழில் எழுதினார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் உறவில் ரத்தமே வரவில்லை. சின்ன விசாரணைதான், பெரிய ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வார்டு மிஸ்ஸிகள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன் பிள்ளை. முதல் இரவில் ஏன் ரத்தம் வரவில்லை என்பதற்கு நீ எழுதியதிலேயே பதில் இருக்கலாம். பாதியில் நிறுத்தியதால் அநேகமாக உள்ளே போயிருக்காது. போயிருந்தாலும் வராமல் இருப்பது இயல்பே. இரண்டாவது முறை வந்த ரத்தம்தான் எனக்குக் கவனிக்க வேண்டியதாகத் தெரிகிறது. சில கேள்விகள் கேட்கிறேன், வெட்கப்படாமல் சொல்.

எரிச்சல் எங்கே? யோனி வாயின் கீழ்ப்பக்கம், ஆசனவாய் இருக்கும் திசையிலா, இல்லை சுற்றிலுமா? சிறுநீர் வெளியே வந்து தோலில் பட்டபின் எரிகிறதா, வரும்போதே உள்ளே எரிகிறதா? அரிப்பு உண்டா, வெள்ளை படுகிறதா? கல்யாணத்துக்கு முன் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா? அந்த இடத்தைக் கழுவ எதைப் பயன்படுத்துகிறாய்? டாம்பான் எப்போதாவது வைத்துப் பார்த்திருக்கிறாயா?

குமரன் கேஎல்
மிஸ்ஸி சொல்வதைக் கேட்டால் முன்னோர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று ஆகிறது. எங்கள் பாட்டி காலத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பார்ப்பது வழக்கம் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் வந்ததே? நான் இந்தத் தங்கச்சியைச் சந்தேகப்படவில்லை. பொதுவாகத்தான் கேட்கிறேன். ஒரு ஆண் எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டரிடம் கூட்டிப்போனால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் அல்லவா?

ஆயர் ஈத்தாம் நிலா
"பொதுவாகத்தான் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தால் என்ன வரும் என்று தெரியும். ஆண் கன்னியா என்று எந்த டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்வது, அதையும் சொல்லுங்கள்.

பழைய மிஸ்ஸி
நிலா, சண்டை வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

குமரன், அந்தக் காலத்தில் பதின்மூன்று பதினான்கு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். உடம்பு முழுதாக முதிரவில்லை, மனதில் பயம், கணவன் யாரென்றே தெரியாது, ஈரம் ஊறுவதற்குள் காரியம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட நிலையில் சதை கிழியத்தான் செய்யும். துணியில் பட்டது காயத்தின் ரத்தம். அது வராமல் போனபோது விரலைக் கீறியோ கோழி ரத்தத்தைத் தடவியோ சமாளித்த கதைகளைத் தோட்டத்துப் பாட்டிகளிடமே கேட்டிருக்கிறேன். எல்லாப் பெண்களுக்கும் வந்தது என்பதை அதை வைத்து எப்படிச் சொல்வது?

டாக்டர் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பமாக இருந்த 36 பதின்வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பார்த்தார்கள். உறவு நடந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அடையாளம் இரண்டே பேரிடம்தான் இருந்தது. மற்ற 34 பேரிடம் பார்வையில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. பிள்ளை உண்டானவர்களிடமே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், கல்யாணத்துக்கு முன் கூட்டி வந்து காட்டினால் என்ன தெரிந்துவிடப் போகிறது? 2018இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கன்னிப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, நிறுத்துங்கள் என்று அறிக்கை விட்டது. பாலியல் வன்முறை வழக்குகளில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பதை 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம் கண்டித்து, செய்பவர்கள்மேல் நடவடிக்கை பாயும் என்றது.

குமரன் கேஎல்
ஆய்வுகளை அவரவர்க்கு வேண்டியபடி செய்வார்கள். சரி, நீங்கள் பெரியவர், வாதாடவில்லை. ஆனால் எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

புக்கிட் பெண்
மிஸ்ஸி ஆண்டி, பதில்கள் இதோ.

எரிச்சல் கீழ்ப்பக்கம்தான். ஒரே இடத்தில், கீறிய மாதிரி. சிறுநீர் தோலில் பட்ட பிறகுதான் எரியும். முதல் சில நாள் அதிகம், பிறகு குறைந்துவிட்டது. ஆனால் இப்போது சுற்றிலும் அரிப்பு இருக்கிறது. வெள்ளையாகத் தயிர் மாதிரி கொஞ்சம் வருகிறது, நாற்றம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தொண்டை வலி, காய்ச்சல். கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், முழுதாகச் சாப்பிட்டேன். கழுவுவதற்கு வாசனை போட்ட வாஷ் வாங்கி வைத்திருக்கிறேன், எரிச்சல் வந்த பிறகு சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் இரண்டு வேளை போடுகிறேன். அம்மா மஞ்சள் தண்ணீரும் சொன்னார். டாம்பான் வைத்ததே இல்லை, பயம்.

செந்தூல் அக்கா
மஞ்சள் கிருமிநாசினிதானே, அதில் என்ன தப்பு?

பழைய மிஸ்ஸி
அக்கா, கையில் வெட்டுப்பட்டால் போடுங்கள், நானும் போடுவேன். அந்த இடத்தின் தோல் வேறு. மஞ்சள், டெட்டால், வாசனை வாஷ் எல்லாமே அங்கே எரிச்சலை அதிகப்படுத்தும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், வெளிப்புறம் மட்டும். உள்ளே தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

பிள்ளை, பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் நீ சொல்வதைக் கேட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று விஷயம் இருக்கிற மாதிரி தெரிகிறது.

ஒன்று, கீழ்ப்பக்கத்துக் கீறல். ஈரம் போதாமல் அழுத்தம் கொடுத்தால் முதலில் விடுவது யோனி வாயின் கீழ் ஓரம்தான். உனக்கு வந்த ரத்தம் அங்கிருந்து வந்திருக்கும். முதல் உறவின் ரத்தம் என்று ஊரில் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கீறல்தான் என்பது என் அனுபவத்தில் நான் நினைப்பது. விட்டால் சில நாளில் ஆறிவிடும், ஆறுவதற்குள் மறுபடி முயன்றால் அதே இடம் மறுபடி பிரியும்.

இரண்டு, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு அரிப்பும் தயிர் மாதிரி வெள்ளையும் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இருக்கும்போது தோல் சிவந்து வீங்கியிருக்கும், எது பட்டாலும் எரியும். வாசனை வாஷ் வேறு சேர்ந்துகொண்டது. அதோடு உறவு கொண்டால் யாருக்கும் வலிக்கும், முதல் முறையோ நூறாவது முறையோ.

மூன்றாவதுதான் அந்தச் சுவர். அங்கே சுவரும் இல்லை, திரையும் இல்லை. யோனியைச் சுற்றி இடுப்புத்தளத் தசைகள் இருக்கின்றன. இரண்டு முறை வலித்ததை உடம்பு பிடித்து வைத்துக்கொண்டது. இப்போது நீ நினைக்காமலே அவை இறுக்கிவிடுகின்றன. கண் பக்கத்தில் விரல் வந்தால் இமை மூடுகிறது அல்லவா, அதைப் போல உன் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. நீ அவரை வெறுக்கிறாய் என்று அர்த்தமில்லை, இதை அவரிடம் படித்துக் காட்டு. இறுகிய தசைக்குள் தள்ளினால் வலி கூடும், அடுத்த முறை இன்னும் இறுகும். அதனால்தான் கெகல் இப்போது வேண்டாம் என்கிறேன். கெகல் தசையை இறுக்கிப் பழக்கும். உனக்கு வேண்டியது தளர்த்துவது.

எத்தனை நாள் வலித்தால் இயல்பு என்று கேட்டாய். நான் நாளை எண்ண மாட்டேன், போக்கைப் பார்ப்பேன். முதல் சில முறை யோனி வாயில் இழுக்கிற மாதிரி, சுருக்கென்று ஒரு வலி, நிறுத்தியதும் போய்விடும், அடுத்தடுத்த முறை குறைந்துகொண்டே வரும். அது போகட்டும். குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, பஞ்சு பட்டாலே எரியும் வலி, எதுவும் உள்ளே போகாத நிலை, இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காட்ட வேண்டும்.

ரத்தமும் அப்படித்தான். டிஷ்யூவில், ஜட்டியில் பட்டு ஒன்றிரண்டு நாளில் நின்றால் கவலை இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, தலை சுற்றுகிறது, அடிவயிறு கடுமையாக வலிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். உள்ளே ஆழத்தில் யோனிச் சுவர் கிழிந்திருக்கலாம், தையல் போட வேண்டி வரும். முதலிரவு முடிந்து விடியற்காலையில் அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட வந்த மாமியார், "இது சகஜம்தானே மிஸ்ஸி" என்பார். பெண்ணின் உதடு வெளுத்திருக்கும்.

ஆயர் ஈத்தாம் நிலா
எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எனக்கும் இதே சுவர்க் கதைதான், ஆனால் காரணம் வேறு. கல்லூரியில் படிக்கும்போது நீச்சலுக்காக டாம்பான் வைத்தேன். உள்ளே போனது, வெளியே எடுக்க வரவில்லை. ஊறிப் பெருத்து எதிலோ மாட்டியது மாதிரி இருந்தது. உயிர் போய்விட்டது. எப்படியோ எடுத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு உறவும் முடியவில்லை. வெறும் பயம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர் பார்த்துவிட்டு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சதைப் பட்டை இருக்கிறது, வழி இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றார். பிறவியிலேயே அப்படியாம். சின்ன ஆபரேஷன், காலையில் போய் மாலையில் வந்துவிட்டேன். அந்தப் பட்டையை மட்டும் எடுத்தார்கள். ஆறிய பிறகு பிரச்சினை இல்லை. அதனால் மிஸ்ஸி ஆண்டி, எல்லாமே தசைதான் என்று சொல்லிவிடாதீர்கள்.

பழைய மிஸ்ஸி
சரியாகச் சொன்னாய் நிலா. அதனால்தான் ஒருமுறையாவது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். டாம்பான் போகும், வராது என்பது அந்தப் பட்டைக்கு நல்ல அடையாளம். முழுதாக மூடியே பிறப்பவர்களும் இருக்கிறார்கள், அபூர்வம். அவர்கள் பதினைந்து பதினாறு வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை, மாதாமாதம் வயிறு மட்டும் வலிக்கிறது என்று வருவார்கள். அதைக் கல்யாணம் வரை யாரும் விட்டுவைக்க முடியாது. புக்கிட் பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, எனவே அது இல்லை.

தினேஷ்
கணவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் மனைவிக்கும் இதே தசை இறுக்கம். நாங்கள் செய்த தவறான காரியங்களை எல்லாம் நண்பர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவன் மரத்துப்போகும் ஜெல் வாங்கித் தந்தான். இன்னொருவன் வைன் கொடு என்றான்.

எங்களுக்கு உதவியது பிசியோதான். இடுப்புத்தளத்துக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற பெண் பிசியோ. முதல் சந்திப்பில் தொடவே இல்லை, மூச்சு மட்டும் சொல்லிக்கொடுத்தார். மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றைத் தளர விடு, சிறுநீர் கழிக்கத் தொடங்கும் நேரத்தில் எப்படி விடுமோ அப்படி விடு என்று. அப்புறம் என் மனைவி தன் சொந்த விரலால், ஜெல் தடவி, முதலில் வெளியே தொடுவது மட்டும். அது பழகிய பிறகு விரல் நுனி. எரிச்சல் வந்தால் எடுக்காமல், தள்ளாமல், அங்கேயே நிறுத்தி அடங்கும் வரை இருக்க வேண்டும். அடங்கினால்தான் அடுத்த படி. பிறகு அளவு அளவாக மெழுகுவர்த்தி மாதிரி பிளாஸ்டிக் கருவிகள், சிறியதிலிருந்து பெரியது வரை. பல மாதம் ஆனது.

அந்த மாதங்களில் உறவு கிடையாது என்று இருவரும் முதலிலேயே பேசி முடிவு செய்தோம். அதுதான் பெரிய நிம்மதி என்று மனைவி பிறகு சொன்னாள். கட்டிப்பிடித்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாமல் போனது. முடிவில் உறவு கொண்டபோது அவள் மேலே இருந்தாள், எவ்வளவு, எவ்வளவு வேகம் என்பது அவள் கையில். ரத்தம் வரவில்லை. நான் பார்க்கவும் இல்லை.

செந்தூல் அக்கா
தம்பி, மரத்துப்போகும் ஜெல் ஏன் கூடாது? என் நாத்தனார் மகளுக்கு டாக்டரே எழுதிக் கொடுத்தாரே.

பழைய மிஸ்ஸி
சிலருக்கு யோனி வாயைச் சுற்றிய நரம்புகளே கூசிப்போயிருக்கும், அதற்கு டாக்டர்கள் எழுதுவது உண்டு. எங்கே, எவ்வளவு, எத்தனை நிமிடம் முன்பு என்று சொல்லித் தருவார்கள். நாமாகத் தடவிக்கொண்டு உறவு கொண்டால் கிழிவதே தெரியாது. வலி என்பது நிறுத்து என்ற தகவல். அதை அணைத்துவிட்டால் காயம் மறுநாள்தான் தெரியும். அவருக்கும் மரத்துப்போகும், அது வேறு கதை.

பிள்ளை, இப்போது நீ செய்ய வேண்டியது. வாஷை நிறுத்து. உறவை நிறுத்து. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டர் பார்ப்பார், பெண் டாக்டர் வேண்டும் என்று பதியும்போதே சொல்லலாம். அரசாங்க அமைப்பான எல்பிபிகேஎன் நடத்தும் குடும்ப நலக் கிளினிக்குகளும் இருக்கின்றன, அங்கே இதெல்லாம் தினமும் பார்க்கும் விஷயம். உள்ளே போனதும், "உறவு கொள்ள முடியவில்லை, யோனி வாயிலேயே வலி, அரிப்பும் இருக்கிறது" என்று நேராகச் சொல். வெறும் வெள்ளைபடுதல் என்று சொன்னால் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை வைக்க வந்தால், முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் வற்புறுத்த மாட்டார்.

புக்கிட் பெண்
போய்விட்டு வந்தேன். பெண் டாக்டர், மலாய்க்காரர், பொறுமையாகக் கேட்டார். ஆண்டி சொன்னபடியே சொன்னேன்.

பூஞ்சைதான். உள்ளே வைக்கும் மாத்திரை ஒன்றும் தடவ க்ரீமும் கொடுத்தார். கண்ணாடி பிடித்துக் காட்டினார், என் உடம்பை நானே அப்போதுதான் பார்த்தேன். கீழே கீறல் இருந்த இடம் ஆறி, மெல்லிய கோடாகத் தெரிந்தது. நடுவில் பட்டை எதுவும் இல்லை. பஞ்சுக் குச்சியால் சுற்றிலும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், அரிப்பு இருந்த இடங்களில் எரிந்தது, கீழே இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஒரு விரல் நுனி வைத்தவுடன் என் தொடைகள் தானாகச் சேர்ந்துவிட்டன. அவர் உடனே கையை எடுத்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்றார். தொற்று ஆறிய பிறகும் எரிச்சல் இருந்தால் நரம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும், அதனால் திரும்பி வா என்றார். பிசியோவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், தேதிதான் தள்ளிக் கிடைத்திருக்கிறது.

என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டு டாக்டர் பேசினார். ரத்தம் பற்றி அவராகவே கேட்டார், நான் கேட்கச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு காரில் வரும்போது, "விளக்கைப் போட்டது நினைவிருக்கிறது, மன்னித்துக்கொள்" என்றார். பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஆமாம், வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம் என்கிறார் அவர். எனக்கு அது பிடிக்கவில்லை.

லதா ஆண்டி
சொல்லிவிட்டுப் போ மகளே. குடும்பத்தில் நிம்மதி முக்கியம். அது உண்மையும்தானே, இரண்டாம் முறை வந்ததே.

ஆயர் ஈத்தாம் நிலா
சொல்லக் கூடாது. இன்றைக்கு உனக்கு ஆமாம் என்று சொன்னால், நாளைக்கு அவர் தன் பேத்திக்கும் அதையேதான் கேட்பார். "பெரியம்மா, அது எங்கள் விஷயம்" என்று உன் கணவர் சொல்லட்டும். அவருடைய பெரியம்மாதானே.

தினேஷ்
நிலா சொல்வது சரி, ஆனால் அதைச் சொல்கிற தைரியம் எல்லா மருமகனுக்கும் மகனுக்கும் வந்துவிடாது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

குமரன் கேஎல்
ஒரு கேள்வி. ஃபேஸ்புக்கில் ரத்தம் வருகிற மாதிரி கேப்சூல் விற்கிறார்களே, சில தனியார் கிளினிக்கில் தையல் போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது ஏமாற்று இல்லையா?

பழைய மிஸ்ஸி
ஏமாற்றுவது யார் என்று கேட்டால் விற்பவர்களைத்தான் சொல்வேன். கேப்சூலில் இருப்பது சிவப்புப் பொடி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏற்கெனவே வறண்டிருக்கும் இடத்தில் எரிச்சலும் தொற்றும் வரலாம். தையல் போட்டாலும் ரத்தம் வரும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது, வலி மட்டும் நிச்சயம். வராவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற வீட்டிலிருந்து வரும் பெண்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

புக்கிட் பெண்
ஆண்டி, கடைசியாக ஒன்று. பிசியோ முடிந்து மறுபடி தொடங்கும்போது ஈரத்துக்கு என்ன பயன்படுத்துவது? அம்மா வீட்டில் தேங்காய் எண்ணெய் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்பதால் ஆணுறை போடுவோம்.

பழைய மிஸ்ஸி
ஆணுறை போடுவதாக இருந்தால் தேங்காய் எண்ணெய் கூடாது, வாசலின் கூடாது, பேபி ஆயிலும் கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ரப்பர் பலம் இழந்து கிழிந்துவிடும். உனக்குக் கொடுத்த மாத்திரையும் க்ரீமும்கூட ரப்பரைக் கெடுக்கும், மருந்து முடிந்து சில நாளாவது போகட்டும். எச்சில் உடனே காய்ந்துவிடும். பார்மசியில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேள், ஆணுறை அடுக்கின் பக்கத்திலேயே இருக்கும். வாசனை, சூடேற்றுவது, குளிரவைப்பது என்று எழுதியிருப்பதை எடுக்காதே. ஆணுறைமேலும் தடவ வேண்டும், யோனி வாயின் கீழ் ஓரத்திலும் தடவ வேண்டும், அந்தக் கீறல் வந்த இடத்தில் தாராளமாக. நடுவில் காய்ந்தால் நிறுத்தி மறுபடி போடுங்கள்.